அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. சேர்க்கையைத் தள்ளிக் கேட்பது எப்படி?

கேள்வி: பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் பப்ளிக் ஹெல்த் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்திருக்கிறது. 2026 செப்டம்பர் 21 வகுப்புத் தொடக்கம். மே மாதம் 4,000 பவுண்டு டெபாசிட் கட்டினேன். வங்கிக் கடனும் மே 20 அன்று சாங்ஷன் ஆகிவிட்டது. சி.ஏ.எஸ். இன்னும் வரவில்லை. இந்த நேரத்தில், ஜூலை 8 அன்று அப்பாவுக்கு பைபாஸ் ஆபரேஷன். மூன்று மாதம் ஆள் துணை வேண்டும் என்கிறார் டாக்டர். அம்மாவால் தனியாகச் சமாளிக்க முடியாது. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன், ஒப்பந்தம் முடிந்து நவம்பரில்தான் வருவான். பல்கலைக்கழகத்துக்கு என்ன எழுதுவது, என்ன ஆதாரம் தருவது? ஜனவரி கேட்பதா, அடுத்த செப்டம்பரா? "விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று எழுதுங்கள், அதுதான் சுலபம்" என்கிறார்கள் கன்சல்டன்சியில். ஐ.ஈ.எல்.டி.எஸ். 2025 பிப்ரவரியில் எழுதியது.
— வாசகி, திண்டுக்கல்

பதில்: அப்பா நல்லபடியாகத் தேறி வரட்டும். நேரம் இருக்கும்போதே கேட்டிருக்கிறீர்கள், அது நல்லது.

கன்சல்டன்சி சொன்னதை முதலில் ஒதுக்கிவிடுங்கள். பிரிட்டன் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்க, சேர்க்கையை உறுதிசெய்யும் சி.ஏ.எஸ். எண் வேண்டும். அதைத் தருவதே பல்கலைக்கழகம்தான். உங்களுக்கு அது வரவில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சி.ஏ.எஸ். கையில் இல்லாதவர் விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை என்று எழுதினால், படிப்பவருக்கு முதல் வரியிலேயே சந்தேகம் வந்துவிடும். இன்னொன்றும் இருக்கிறது. கோரிக்கைக் கடிதம் உங்கள் கோப்பில் கிடக்கும். நாளை அதே பல்கலைக்கழகம்தான் உங்களுக்காக சி.ஏ.எஸ். தர வேண்டும், அதற்கு முன் நீங்கள் உண்மையான மாணவியா என்று பார்க்க ஒரு நேர்காணலும் வைக்கலாம். ஏன் தள்ளிப்போட்டீர்கள் என்று அங்கே கேட்டால் ஒரே பதில்தான் இருக்க வேண்டும். உங்களிடம் உண்மையான, வலுவான காரணம் இருக்கிறது. அதையே எழுதுங்கள்.

அந்தக் கடிதத்தைப் படிக்கப்போகும் அலுவலரின் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஆகஸ்டில் அவர் மேசைக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் நிறைய வரும். எல்லாரும் கஷ்டத்தைத்தான் எழுதியிருப்பார்கள். உங்கள் கஷ்டத்தை அவர் சந்தேகப்பட மாட்டார். அவர் முடிவெடுக்கத் தேவைப்படுவது மூன்று பதில்கள். குறித்த தேதிக்கு ஏன் வர முடியாது? அந்தக் காரணம் எப்போது தீரும்? தள்ளிக் கொடுத்தால் நிச்சயம் வருவீர்களா? பலர் முதல் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத கடிதத்துக்கு எந்தப் பருவத்தைத் தருவது என்று அவருக்குத் தெரியாது. கூடுதல் விவரம் கேட்டு எழுதுவார், அதிலேயே இரண்டு வாரம் ஓடிவிடும்.

ஆகவே ஆதாரம் என்பது தேதிகளைக் காட்ட வேண்டும். நோய் எவ்வளவு கடுமையானது என்பதைக் காட்டும் வேலை அதற்குக் கிடையாது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் எதை இணைப்பது, எதை விடுவது என்பது தானாகவே தெளிவாகிவிடும். ஆஞ்சியோகிராம் அறிக்கை வேண்டாம். ஆஸ்பத்திரி பில் வேண்டாம். ஐ.சி.யூ.வில் எடுத்த புகைப்படம் வேண்டவே வேண்டாம். அது அப்பாவின் அந்தரங்கம், அந்த அலுவலருக்கு அதனால் பயனும் இல்லை.

மூன்று தாள்கள் போதும். முதலாவது டிஸ்சார்ஜ் சம்மரி. நம் ஊரில் அது ஆங்கிலத்திலேயே இருக்கும், மொழிபெயர்ப்பு தேவையில்லை. நோயாளி பெயர், சேர்த்த தேதி, ஆபரேஷன் தேதி, வீட்டுக்கு அனுப்பிய தேதி இருக்கும் பக்கமும், டாக்டர் கையெழுத்து இருக்கும் கடைசிப் பக்கமும் போதும். ஆனால் டிஸ்சார்ஜ் சம்மரி நடந்ததைத்தான் சொல்லும். இனி எத்தனை நாள் ஆள் துணை வேண்டும் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

அதற்காகத்தான் இரண்டாவது தாள், டாக்டரின் கடிதம். அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது கேட்டு வாங்குங்கள். மருத்துவமனை லெட்டர்ஹெட்டில், தேதி, கையெழுத்து, முத்திரை, டாக்டரின் பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். "மகள் வெளிநாடு போகக் கூடாது" என்று எழுதித் தரச் சொல்லாதீர்கள். அது டாக்டர் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை, எழுதி வாங்கியது போலவும் தெரியும். அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: இன்னாருக்கு ஜூலை 8 அன்று பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது, மார்பெலும்பைத் திறந்து செய்த சிகிச்சை என்பதால் பாரம் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, அக்டோபர் 8 வரை வீட்டில் பெரியவர் ஒருவர் உடனிருந்து உதவ வேண்டும், அடுத்த ரிவ்யூ இந்தத் தேதியில். "மூன்று மாதம்" என்று பொதுவாக எழுதாமல் அக்டோபர் 8 என்று தேதி போட்டுத் தரும்படி பணிவாகக் கேளுங்கள். உங்கள் கோரிக்கை முழுவதும் அந்த ஒரு தேதியின் மேல்தான் நிற்கப்போகிறது.

மூன்றாவது, அவர் உங்கள் அப்பா என்பதற்கான சான்று. நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். ஆஸ்பத்திரிப் பதிவில் அப்பா பெயர் இனிஷியலோடு இருக்கும். உங்கள் பாஸ்போர்ட்டிலோ அதே இனிஷியல் விரித்து எழுதப்பட்டு முழுப்பெயராக நிற்கும். அப்பா பெயர் உங்களுடைய சர்நேம் கட்டத்திலும் இருக்கலாம், கிவன் நேம் கட்டத்திலும் இருக்கலாம். நமக்கு இது பழகிப்போன விஷயம். லீட்ஸிலோ கிளாஸ்கோவிலோ உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் வேறு வேறு ஆட்களாகத் தெரியும். உங்கள் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் பெற்றோர் பெயர் அச்சாகியிருந்தால் அந்தப் பக்கத்தின் நகல் போதும், இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். கடிதத்தில் ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மருத்துவமனை ஆவணத்தில் அப்பாவின் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் முழுமையாக இருக்கிறது, இரண்டும் ஒருவரே.

அண்ணன் நவம்பரில் வருவதற்கு ஆதாரம் இணைக்கத் தேவையில்லை. ஒரு வாக்கியம் போதும். கேட்டால் கொடுக்கலாம்.

இப்போது எந்தப் பருவம் என்ற கேள்வி. அதற்கு முன், அந்த அலுவலர் மனதில் எழும் இன்னொரு கேள்விக்கு நீங்களாகவே பதில் சொல்லிவிட வேண்டும். "கொஞ்சம் தாமதமாக வந்து சேர முடியாதா?" என்பதுதான் அது. பிரிட்டனில் பல படிப்புகளுக்கு, வகுப்பு தொடங்கிய பிறகும் சில நாட்கள் வரை பதிவு செய்ய அவகாசம் தருவார்கள். அந்தக் கடைசித் தேதி உங்கள் ஆஃபர் லெட்டரிலோ பல்கலைக்கழக இணையதளத்திலோ இருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு அக்டோபர் 2 என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் சொன்ன அக்டோபர் 8 அதற்கு ஆறு நாள் கழித்து வருகிறது. அண்ணன் வருவதோ நவம்பரில். ஆகவே தாமதமாக வந்து சேரும் வழி உங்களுக்கு இல்லை. இதைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால், அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் வராது.

என் கருத்தில் நீங்கள் கேட்க வேண்டியது ஜனவரி 2027. உங்கள் படிப்புக்கு ஜனவரிச் சேர்க்கை உண்டா என்பதை மட்டும் படிப்பின் பக்கத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்லாப் படிப்புக்கும் இருக்காது. பப்ளிக் ஹெல்த் போன்றவற்றுக்குப் பல இடங்களில் உண்டு. அடுத்த செப்டம்பர்தான் பாதுகாப்பு என்று வீட்டில் யாராவது சொல்லலாம். ஆனால் உங்கள் ஆதாரம் காட்டும் காரணம் அக்டோபரில் முடிகிறது, துணைக்கு அண்ணன் நவம்பரில் வந்துவிடுகிறான். அப்படியிருக்க 2027 செப்டம்பர் கேட்டால், நடுவில் இருக்கும் பத்து மாதம் எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லும் தாள் உங்களிடம் இல்லை. காரணமும் பருவமும் பொருந்தி நிற்க வேண்டும்.

ஜனவரிக்கு இன்னும் இரண்டு சாதகங்கள் இருக்கின்றன. ஐ.ஈ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும். 2025 பிப்ரவரியில் எழுதியது 2027 பிப்ரவரி வரை வரும். ஜனவரியில் தொடங்கினால் அதற்குள் அடங்கிவிடும். செப்டம்பர் என்றால் மறுபடி பணம் கட்டி எழுத வேண்டியிருக்கும். அடுத்தது கட்டணம். ஜனவரி 2027 பொதுவாக அதே 2026–27 கல்வியாண்டுக்குள் வருவதால், பெரும்பாலும் அதே கட்டணம்தான் இருக்கும். அடுத்த செப்டம்பர் புதிய கல்வியாண்டு, புதிய கட்டணம். வழக்கமாக அது கூடுமே தவிரக் குறையாது.

ஜனவரியில் சேர்பவர்களுக்குப் பாடங்களின் வரிசை மாறி வரும். செப்டம்பர்க்காரர்கள் முதல் பருவத்தில் படித்ததை நீங்கள் பிறகு படிக்க நேரலாம். புள்ளியியல் பாடம் எந்தப் பருவத்தில் வருகிறது என்று மட்டும் துறைக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். மற்றபடி பயப்பட எதுவும் இல்லை.

சரி, கடிதம். ஆங்கிலத்தில் ஒரு பக்கத்துக்குள் முடிய வேண்டும். பொருள் வரியில் உங்கள் முழுப்பெயர், விண்ணப்ப எண், படிப்பின் பெயர், "2026 செப்டம்பரில் இருந்து 2027 ஜனவரிக்கு ஒத்திவைக்கக் கோரிக்கை" என்ற நான்கும் வந்துவிட வேண்டும். உள்ளே எழுத வேண்டியதைத் தமிழில் தருகிறேன், அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்ளுங்கள்:

"எம்.எஸ்சி. பப்ளிக் ஹெல்த் படிப்பில் 2026 செப்டம்பர் 21 அன்று சேர எனக்கு இடம் அளித்திருக்கிறீர்கள். அதை ஏற்று மே மாதம் 4,000 பவுண்டு டெபாசிட் செலுத்தியுள்ளேன். என் சேர்க்கையை 2027 ஜனவரிக்கு ஒத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 8 அன்று என் தந்தைக்கு இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. அக்டோபர் 8 வரை அவருக்கு வீட்டில் ஒருவர் உடனிருந்து உதவ வேண்டும் என்று மருத்துவர் எழுதியுள்ளார். வீட்டில் என் தாயைத் தவிர நான் மட்டுமே இருக்கிறேன். பதிவுக்கான கடைசி நாள் அக்டோபர் 2 என்பதால் தாமதமாக வந்து சேரவும் இயலாது.

வெளிநாட்டில் பணிபுரியும் என் சகோதரர் ஒப்பந்தம் முடிந்து நவம்பரில் ஊர் திரும்பி, பொறுப்பை ஏற்றுக்கொள்கிறார். ஆகவே ஜனவரியில் சேர்வதற்கு எனக்குத் தடை இல்லை. ஆஃபரில் கேட்ட நிபந்தனைகள் அனைத்தையும் நிறைவு செய்துவிட்டேன். எனக்கு இன்னும் சி.ஏ.எஸ். வழங்கப்படவில்லை, விசாவுக்கும் விண்ணப்பிக்கவில்லை.

டெபாசிட்டை ஜனவரிச் சேர்க்கைக்கு மாற்றிக்கொள்ளவும், புதிய ஆஃபர் லெட்டர் வழங்கவும் வேண்டுகிறேன். டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவர் கடிதம், உறவுக்கான சான்று இணைத்துள்ளேன்."

அவ்வளவுதான். அக்டோபர் 2 என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகம் தந்திருக்கும் தேதியைப் போடுங்கள். நிபந்தனைகளைப் பற்றிய வரியை உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். டிகிரி சான்றிதழோ கன்சாலிடேட்டட் மார்க்ஷீட்டோ இன்னும் ஏற்றாமல் இருந்தால் முதலில் அதை ஏற்றிவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள், நிபந்தனைகளை அந்த ஆண்டிலேயே முடித்தவருக்குத்தான் ஒத்திவைப்பு தருகின்றன. சி.ஏ.எஸ். பற்றிய வரியும் வேண்டும். சி.ஏ.எஸ். வந்துவிட்டவர் என்றால் பழையதை ரத்து செய்து புதிது தர வேண்டியிருக்கும். விசாவே கையில் இருப்பவர் என்றால் அது பழைய சி.ஏ.எஸ்.ஸோடு சேர்ந்து போய்விடும், மறுபடி கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் ஒன்றுமே இல்லை என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. இனி இடையில் சி.ஏ.எஸ். பற்றி மின்னஞ்சல் வந்தால், ஒத்திவைப்புக் கேட்டிருக்கிறேன், இப்போது வழங்க வேண்டாம் என்று உடனே பதில் போடுங்கள்.

அனுப்பும் வழியையும் கவனியுங்கள். விண்ணப்பித்த போர்ட்டலில் இதற்கென்றே படிவம் இருந்தால் அதில்தான் கேட்க வேண்டும், கடிதத்தை இணைப்பாகப் போட்டுவிடலாம். அதே பக்கத்தில் பக்கத்துப் பொத்தானாக Withdraw அல்லது Decline இருக்கலாம். அதைத் தொட்டுவிடாதீர்கள். அது இடத்தையே வேண்டாம் என்று விடுவது. அப்புறம் புதிதாக விண்ணப்பிப்பதுதான் வழி, டெபாசிட்டும் சிக்கிக்கொள்ளும். படிவம் இல்லையென்றால், விண்ணப்பத்தில் கொடுத்த அதே மின்னஞ்சல் முகவரியில் இருந்து அனுப்புங்கள். கன்சல்டன்சி மூலம் விண்ணப்பித்திருந்தால் அவர்கள் வழியாகத்தான் வர வேண்டும் என்று சில பல்கலைக்கழகங்கள் சொல்லும். அப்போதும் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள், அனுப்பியதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் என்ன போயிருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஒத்திவைப்புக் கேட்கப் பல இடங்களில் கடைசி நாள் வைத்திருப்பார்கள். டாக்டர் கடிதம் வரட்டும் என்று அதைத் தவறவிடாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு இப்போதே அனுப்பி, மருத்துவர் கடிதம் இந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். எதுவுமே சொல்லாமல் செப்டம்பரைக் கடத்துவதுதான் மிக மோசம். ஆஃபர் காலாவதியாகிவிடும், பிறகு டெபாசிட்டைக் கேட்பதற்கும் பிடி இருக்காது.

"உங்கள் கோரிக்கையைக் குறித்துக்கொண்டோம்" என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் அது அனுமதி இல்லை. 2027 ஜனவரித் தொடக்கத் தேதி அச்சிட்ட புதிய ஆஃபர் லெட்டர் வந்தால்தான் ஒத்திவைப்பு நடந்ததாகப் பொருள். பத்து வேலைநாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை என்றால், அதே மின்னஞ்சல் தொடரிலேயே சுருக்கமாக நினைவூட்டுங்கள். புதிதாக எழுதினால் இரண்டு கோரிக்கையாகப் பதிவாகிக் குழப்பம் வரும். புதிய லெட்டர் வந்ததும் படிப்பின் பெயர், தொடக்கத் தேதி, கட்டணம், டெபாசிட் தொகை வரவில் காட்டப்பட்டிருக்கிறதா, உதவித்தொகை இருந்தால் அது தொடர்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகை பெரும்பாலும் தானாக மாறி வராது, தனியாகக் கேட்க வேண்டும். டெபாசிட் திரும்பத் தரும் விதியையும் படியுங்கள். ஒருமுறை ஒத்திவைத்தபின் அந்தப் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று சில இடங்களில் விதி இருக்கிறது. ஜனவரியிலும் போவது நிச்சயமில்லை என்று தோன்றினால், புதிய ஆஃபரை ஏற்பதற்கு முன்பே அதை வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

மறுத்துவிட்டால் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். ஜனவரிக்குப் புதிதாக விண்ணப்பித்தால் பழைய டெபாசிட்டை அதில் சேர்த்துக்கொள்வீர்களா? இல்லையென்றால், குடும்பத்தில் ஏற்பட்ட மருத்துவக் காரணத்துக்காகத் திருப்பித் தருவீர்களா? அதே மூன்று தாள்கள் அதற்கும் பயன்படும்.

புதிய லெட்டர் கையில் வந்த அன்றே வங்கிக்குப் போங்கள். விசாவுக்குக் காட்டும் கடன் கடிதத்தின் தேதி, நீங்கள் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் மே 20 கடிதம் நவம்பர் 20 வரைதான் வரும், ஜனவரிக்கான விசா விண்ணப்பம் கிட்டத்தட்ட அந்த நேரத்தில்தான் விழும். புதிய தொடக்கத் தேதியைக் காட்டி, அக்டோபர் தேதியிட்ட புதிய சாங்ஷன் கடிதம் கேளுங்கள். டி.பி. பரிசோதனைச் சான்றிதழும் ஆறு மாதம்தான் செல்லும். இன்னும் எடுக்கவில்லை என்றால் அக்டோபருக்குப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். விடுதி அறை பதிவு செய்திருந்தால் அது தனி ஒப்பந்தம், பல்கலைக்கழகம் ஒத்திவைத்தாலும் அது தானாக ரத்தாகாது. பல விடுதிகள் ஒத்திவைப்புக் கடிதத்தைக் காட்டினால் ரத்து செய்கின்றன, ஆனால் செப்டம்பர் குடியேறும் தேதிக்கு முன்பே எழுதிவிட வேண்டும்.